திறந்தால் நிற்கும், மூடினால் ஓடும்

மலேசியாவின் மூவாரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி அலமாரி, கட்டில், சாப்பாட்டு மேசை இவற்றை விற்கிறது. எதையும் நாங்கள் செய்வதில்லை. சுற்றுவட்டாரப் பட்டறைகளில் வாங்கி, கிடங்கில் அடுக்கி வைத்து, ஆர்டர் வந்த இடத்துக்கு லோரியில் அனுப்புவதுதான் எங்கள் வேலை. கம்பெனியில் கணினிக்கு என்று இருக்கும் ஒரே ஆள் நான். பண்டார் தெங்காராவில் வளர்ந்தவள். ஜொகூர் பாருவில் கணினி படித்துவிட்டு, கல்யாணமாகி மூவாருக்கு வந்தேன். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் முதலாளியின் தாத்தா செட்டிநாட்டிலிருந்து வந்தவர். முதலாளிக்குக் கணினி பிடிக்கும், ஆனால் அதைத் தொடப் பிடிக்காது. அவருக்காக நான் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தேன். ஆர்டர்கள் வரிசையாக வந்து நிற்கும். நிரல் ஒவ்வொன்றாக எடுத்து, நாங்கள் ஒப்பந்தம் வைத்திருக்கும் லோரிக் கம்பெனியின் கணினிச் சேவையிடம் இணையம் வழியாக, “இந்தச் சாமானை இந்த முகவரிக்கு ஏற்ற எந்த லோரி, எந்த நேரம்?” என்று கேட்கும். பதில் வந்ததும் கிடங்கில் லேபிளை அச்சடிக்கும். ஒரே நேரத்தில் இருபது ஆர்டர்களைக் கவனிக்கும்படி அமைத்திருந்தேன். இந்த மாதிரி நிரலை எங்கள் தொழிலில் வொர்க்கர் என்போம். நான் அந்தப் பெயரைச் சொன்ன முதல் வாரம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வொர்க்கருக்கு பெர்மிட் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். வெளிநாட்டு ஆள் யாரையோ சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு எடுத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

ஒரு வருடம் வொர்க்கர் ஒழுங்காக ஓடியது. பிறகு நோன்புப் பெருநாளுக்கு முந்தைய மலிவு விற்பனை வந்தது. திங்கட்கிழமை காலை, வார இறுதியில் குவிந்த ஆர்டர்கள் வரிசையில் நின்றன. பத்து மணிக்குக் கிடங்கின் மேற்பார்வையாளர் என் மேசைக்கு வந்தார். அவர் ஐம்பது வயது மலாய்க்கார அம்மா. எல்லோருக்கும் அவர் காக், அதாவது அக்கா. லேபிளே வரவில்லை, லோரிக்காரர்கள் வாசலில் நின்று என்னைப் பார்க்கிறார்கள், நான் யாரைப் பார்ப்பது என்று மலாயில் கேட்டார். நான் திரையைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது.

லோரிக் கம்பெனியின் கணினிப் பிரிவிலிருந்து ஓர் ஆண் குரல். ஜொகூர் பாருவிலிருந்து பேசினார். ஆங்கிலத்தில் மிக மரியாதையாக ஆரம்பித்தார். திரையில் சிவப்பு வரிகள் ஓடுவதைப் பார்த்து நான் வாய்க்குள் “ஐயோ கடவுளே” என்றது அவருக்குக் கேட்டுவிட்டது.

“நீங்க தமிழா?” என்றார். “நல்லது. அப்ப தமிழ்லயே திட்டிக்கிறேன்.”

“என்னங்க ஆச்சு?”

“எங்க சர்வர் காலைலேர்ந்து மூணு தடவ படுத்துடுச்சு. நாங்களும் எழுப்பி உக்கார வைக்கிறோம். உக்காந்த நிமிஷமே உங்க கம்பெனிலேர்ந்து ஒரு கூட்டம் வந்து மேல விழுது. மறுபடியும் படுத்துடுது.”

“நாங்க லேபிள் தானேங்க கேக்கறோம்.”

“பதில் வரலன்னா என்ன செய்யறீங்க?”

“திரும்பக் கேக்கறோம்.”

“எவ்ளோ நேரம் விட்டு?”

“உடனேதான்.”

“அலாமாக்,” என்று மலாயில் பதறினார் அவர். பிறகு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். எங்கள் இருபதும் அவர்களுடைய கதவைத் தட்டுவதை அவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

“சர்க்கிட் பிரேக்கர் வைக்கலையா நீங்க?”

“வைக்கணும்னுதான் இருந்தேன்.”

இது முழுப் பொய் இல்லை. அந்த முறையைப் பற்றிப் படித்திருந்தேன். செய்ய வேண்டியவை பட்டியலில் அதை எழுதியும் வைத்திருந்தேன், பிரிண்டருக்கு மை வாங்குவதற்குக் கீழே.

“சரி, கோவிச்சிக்காதீங்க,” என்றார். “உங்களக் கொஞ்ச நேரம் கதவுக்கு வெளிய நிறுத்தி வைக்கிறேன். நாங்க எழுந்ததும் சொல்றேன், அப்புறமா உள்ள வாங்க.”

அப்படியே எங்களைத் தடை செய்துவிட்டார். ஆனால் எங்கள் பக்கம் சேதம் முன்பே ஆகிவிட்டது. மூன்று முறை கேட்டும் பதில் வராத ஆர்டரை வொர்க்கர் ‘தோல்வி’ என்ற குவியலில் எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கும். ஒரு மணி நேரத்துக்குள் வார இறுதி விற்பனை மொத்தத்தையும் அது மளமளவென்று எறிந்து முடித்து, வரிசையே காலியாகி, எனக்கு வேலை இல்லை என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. அந்தக் குவியலிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி வரிசையில் விட எனக்கும் காக்குக்கும் இரண்டு நாள் பிடித்தது. காக் ஆர்டர் எண்ணை வாசிப்பார், நான் அடிப்பேன். ஐம்பதுக்கு ஒருமுறை அவர், “உன் வொர்க்கர் லீவில் போயிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும், அடிக்,” என்பார், தங்கையை அழைக்கிற மாதிரி. அதுதான் விஷயம் என்று எனக்குத் தோன்றியது. தேவைப்பட்டபோது லீவு எடுக்க அதற்குத் தெரியவில்லை.

அந்த வாரமே சர்க்கிட் பிரேக்கரை எழுதினேன். வீட்டு மின்சாரத்தில் கோளாறு வந்தால் விழுந்து கரண்டை நிறுத்துகிறதே ஒரு பொத்தான், அந்தப் பெயரைத்தான் எங்கள் ஆட்கள் இதற்கு வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக ஓடும்போது பிரேக்கர் மூடி இருக்கும். கேள்விகள் அதன் வழியாகப் போய்வரும். லோரிக் கம்பெனியிடமிருந்து தொடர்ந்து ஐந்து தோல்வி வந்தால் பிரேக்கர் திறந்துகொள்ளும். திறந்துவிட்டால் வொர்க்கர் வரிசையைத் தொடாது, கேள்வியே கேட்காது, சும்மா இருக்கும். இரண்டு நிமிடம் கழித்து பாதி திறந்த நிலைக்கு வரும். அப்போது வரிசையில் ஆகப் பழைய ஒரே ஓர் ஆர்டரை மட்டும் அனுப்பிப் பார்க்கும். பதில் வந்தால் மூடிக்கொண்டு பழையபடி ஓடும். வராவிட்டால் மறுபடி திறந்துகொண்டு இன்னும் இரண்டு நிமிடம். எந்த ஆர்டரையும் எறியாது. பதில் கிடைக்காத ஆர்டர் திரும்ப அதே இடத்தில் வரிசையில் போய் நிற்கும். ஆர்டரே தொலையக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரியட்டும் என்று, நிலை மாறும்போதெல்லாம் லோரிக்காரர்களும் இருக்கும் கம்பெனி வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி தானாகப் போகும்படி செய்தேன். செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. சர்க்கிட் பிரேக்கர் ஓப்பன், சர்க்கிட் பிரேக்கர் குளோஸ்ட். இந்த இரண்டு வரிதான். யாருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. இதில் விளக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை. நான்காவது வாரம் ஒரு புதன்கிழமை, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தேன். மருத்துவர் ஊசி போட்டு, வாயின் இடது பக்கம் முழுக்க மரத்துப்போய், பல்லும் வெளியே வந்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது முதலாளி கூப்பிட்டார்.

“ஏம்மா, சர்க்கிட் பிரேக்கர் ஓப்பன்னு வந்திருக்கு. ஓப்பன்னா நல்லதுதானே?”

லோரிக் கம்பெனி சேவை கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது, ஒன்றும் பயமில்லை, அதுவாகச் சரியாகும் என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். என் வாயிலிருந்து வந்தது என்ன என்று பிறகு முதலாளி எனக்குச் செய்து காட்டினார். அழுகையும் கொட்டாவியும் கலந்த மாதிரி இருந்தது.

நான் திரும்பிப் போனபோது கிடங்கு இருட்டாக இருந்தது. ஆட்கள் எல்லோரும் கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தார்கள். காக் செய்தியைப் பார்த்ததும், மரச் சாமான் நிறைந்த இடம், தீப்பிடித்தால் என்ன ஆவது என்று மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பி, தலையும் எண்ணிவிட்டார். எண்ணிக்கையில் என்னைக் காணோம் என்று உள்ளே தேட ஒருவரை அனுப்பவும் இருந்தாராம். என் மரத்த பேச்சைக் கேட்டிருந்த முதலாளி, நான் எங்கேயோ புகையில் மாட்டிக்கொண்டிருக்கிறேனோ என்று சந்தேகப்பட்டிருக்கிறார்.

இதற்கு நடுவில், சிங்கப்பூருக்குச் சாமான் ஏற்றிப்போன லோரிக்காரர் குழுவில் செய்தியைப் பார்த்திருக்கிறார். நோய்த்தொற்றுக் காலத்தில் சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் ஊரடங்குக்கு சர்க்கிட் பிரேக்கர் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். அப்போது மாதக்கணக்கில் மனைவி மக்களைப் பார்க்க முடியாமல் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர் அவர். பாதி வழியில், ஆயர் ஈத்தாமிலேயே லோரியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டு, சிங்கப்பூர்ப் பாலத்தை மறுபடியும் மூடிவிட்டார்களா என்று குழுவில் ஐந்து முறை கேட்டிருந்தார். முதலாளி அவருக்கு, “இல்லை, ஓப்பன்” என்று பதில் போட்டிருந்தார். அவர் நம்பிப் புறப்பட்டார்.

கிடங்கின் உள்ளே ஒரு வயர்மேன் ஏணியில் நின்றபடி மின்பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுத் தமிழர், சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்தார்.

“அரை மணி நேரமா பாக்கறேன்,” என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். “எல்லா பிரேக்கரும் ஜம்முனு நிக்குது. எது ஓப்பன்னு சொல்றீங்க?”

சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பொத்தானை இறக்கி ஏற்றினார். அந்தக் கணத்தில் எல்லோருடைய கைபேசியும் ஒன்றாகச் சிணுங்கியது. சர்க்கிட் பிரேக்கர் குளோஸ்ட்.

வொர்க்கர் எங்கள் கட்டடத்திலேயே இல்லை. வாடகைக்கு எடுத்த சர்வரில், எங்கோ வெளியூரில் ஓடுகிறது. இங்கே மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். லோரிக் கம்பெனி எழுந்துவிட்டது, சோதனை ஆர்டருக்குப் பதில் வந்துவிட்டது, பிரேக்கர் மூடிக்கொண்டது. ஆனால் காக் பார்த்தது, வயர்மேன் கை வைத்ததும் சரியானதைத்தான். “தெரிமா காசே, அபாங்,” என்று வாசலிலிருந்து உரக்க நன்றி சொன்னார். வயர்மேனும் பெரிதாக மறுக்கவில்லை.

முதலாளியின் முகம்தான் வாடிவிட்டது. “இப்ப மூடிடுச்சாமே. இவ்ளோ நேரம் ஓப்பனாத்தானே இருந்துச்சு.”

பஞ்சைத் துப்பிவிட்டு, வந்த வாயில் விளக்கினேன். இது மின்சாரம் இல்லை. வொர்க்கர் லோரிக் கம்பெனியை நச்சரிக்காமல் இருக்க நான் எழுதிய தடுப்பு. ஓப்பன் என்றால் வேலை நின்றிருக்கிறது. குளோஸ்ட் என்றால் ஓடுகிறது. முதலாளி, நான் தப்பாக உச்சரிக்கிறேன் என்று நினைத்து என்னை இரண்டு முறை திருத்தினார்.

“ஓப்பன்னா தானேம்மா ஓடும்? கடை ஓப்பன்னா வியாபாரம் நடக்குது. ரோடு ஓப்பன்னா வண்டி போவுது.”

ஏணியிலிருந்து இறங்கிய வயர்மேன் குறுக்கிட்டார். “இல்ல பாஸ். அந்தம்மா சொல்றது சரிதான். வயரு நடுவுல தொறந்துகிட்டா கரண்டு எப்படிப் போவும்? மூவார் பாலத்த நடுவுல தொறந்து வெச்சா லோரி போவுமா? மூடினாத்தான் போவும்.”

முதலாளி மூவார்ப் பாலத்தை மனத்துக்குள் திறந்து பார்த்துவிட்டு, “அப்ப ஏன் இப்படிப் பேரு வெச்சாங்க?” என்று கேட்டார்.

வயர்மேனுக்கு விஷயம் பிடித்துவிட்டது. மெயின் சுவிட்சை ஏற்றிவிட்டு, பால் சேர்க்காத தே ஓ குடித்துக்கொண்டே என் மேசைக்கு வந்து, எத்தனை தோல்விக்கு விழும், எத்தனை நிமிடம் நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதி திறந்த நிலைக்கு வந்ததும் நிறுத்தினார்.

“அதுவா எந்திரிச்சுப் பாக்குமா?”

“ஆமாண்ணே. ஒரே ஒரு ஆர்டர விட்டுப் பாக்கும்.”

“எங்களுது விழுந்தா ஆளு போயி கையால தூக்கிவிடணும் மா. உங்களுது பரவால்ல. ஆனா நீங்க எங்க பேர எடுத்துக்கிட்டதுக்கு எங்க சங்கத்துல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.” அவர் சிரிக்காமல் சொன்னதால் நானும் மன்னிப்புக் கேட்டேன்.

அன்று மாலை ஆங்கிலச் செய்திகளை எடுத்துவிட்டேன். காக்கோடு உட்கார்ந்து மூன்று மலாய்ச் சொற்களை முடிவு செய்தோம். நின்றிருந்தால் ரேஹாட், ஓய்வு. ஒன்றை அனுப்பிப் பார்க்கும்போது சூபா, முயற்சி. ஓடினால் ஜாலான், நடக்கிறது. அதற்குப் பிறகு யாரும் சுவிட்சை இறக்கவில்லை. லோரிக் கம்பெனி சேவை இடையில் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் ரேஹாட், சூபா, ஜாலான் என்று அழகாக வந்து போனது. ஓர் ஆர்டர் தொலையவில்லை. ஜொகூர் பாருக்காரர் தானாகவே கூப்பிட்டு, “இப்பல்லாம் உங்க கம்பெனி ரொம்ப நாகரிகமா நடந்துக்குது,” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் நான் முதலாளியிடம் பேசிய தோரணையே வேறு.

அடுத்து நடந்ததுதான் என் முகத்தில் கரி பூசியது.

அதுவரை ஆர்டர்களைக் கடைகளிலிருந்து வாங்கி எங்கள் ஆட்கள்தான் கணினியில் அடித்தார்கள். வாடிக்கையாளரே நேராக அடிக்கட்டும் என்று முதலாளி கேட்க, நான் ஒரு புதுப் படிவம் போட்டேன். முதல் வாரம் பலர், படிவம் எதையாவது சொல்லித் திருப்பி அனுப்புகிறது என்று குறைபட்டார்கள். முதலாளி, “ரொம்பக் கேள்வி கேக்காதம்மா, வாங்க வர்றவங்கள வெரட்டாத,” என்றார். நான் பாதிச் சோதனைகளை எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. லோரிக் கம்பெனி பதிவு செய்யத் தொடங்கும் நேரம். அன்று ஆரம்பமே சரியில்லை. ஐந்து தோல்வி வந்து ரேஹாட் என்று செய்தி வந்தது. பரவாயில்லை என்று இருந்தேன். இரண்டு நிமிடத்தில் சூபா. உடனே ரேஹாட். இரண்டு நிமிடம். சூபா. ரேஹாட். பத்து மணி வரை இப்படியே. பதினொன்று வரை இப்படியே.

எனக்குக் கவலையே இல்லை. பிரேக்கர் எவ்வளவு பொறுமையாக நடந்துகொள்கிறது என்று ரசித்துக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து கேட்டபோது, “லோரிக் கம்பெனிக்கு இன்னிக்கு ரொம்ப மோசமா இருக்கு பாஸ். நாம தொந்தரவு பண்ணாம இருக்கோம்,” என்றேன். அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாருக்குத் தொலைபேசினார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பதினொன்றரைக்கு, ஆறுதல் சொல்லலாம் என்றே ஜொகூர் பாருக்காரரைக் கூப்பிட்டேன்.

“பாவம், காலைலேர்ந்து கஷ்டப்படறீங்க போல,” என்றேன்.

“யாரு?”

“நீங்கதான். சர்வர் படுத்தே கெடக்குதே.”

“அது ஒம்பது மணிக்குப் பத்து நிமிஷம் தாங்க. அப்பவே எழுந்தாச்சு. மத்த கம்பெனிக்கெல்லாம் ஓடிக்கிட்டிருக்கு. நீங்கதான் காலைலேர்ந்து ஒண்ணுமே அனுப்பலயேன்னு நான் பாத்துக்கிட்டிருக்கேன். லீவோ என்னமோன்னு நெனச்சேன்.”

“அனுப்பறோமே. ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு அனுப்பறோம். நீங்கதான் தோல்வின்னு திருப்பறீங்க.”

“இருங்க பாக்கறேன்.” விசைகள் தட்டும் ஓசை கேட்டது. பிறகு அவர் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. “ஆமா, வருது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு கரெக்டா வருது. எல்லாம் ஒரே ஆர்டர். ஆயர் ஈத்தாம். போஸ்ட்கோட்ல என்ன போட்டிருக்குன்னு வாசிக்கட்டுமா?”

“வாசிங்க.”

“லூப்பா.”

லூப்பா என்றால் மலாயில் மறந்துவிட்டது. அஞ்சல் குறியீடு கேட்ட இடத்தில் ஐந்து எண்ணுக்குப் பதில் யாரோ நேர்மையாக ‘மறந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறார்கள்.

“எங்க சர்வர் நல்லா முழிச்சிக்கிட்டுதான் இருக்கு,” என்றார் அவர். “முழிச்சிருக்கறதாலதான் இது போஸ்ட்கோட் இல்லன்னு ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்புது. எழுபத்தி சொச்சம் தடவ சொல்லியிருக்கு.”

லோரிக் கம்பெனி விழுந்து கிடப்பது வேறு, எழுந்து உட்கார்ந்து உன் கேள்வி தப்பு என்று சொல்வது வேறு. நான் இரண்டுக்கும் ‘தோல்வி’ என்று ஒரே பெயர் வைத்திருந்தேன். வொர்க்கரின் பதிவிலும் அந்த ஒரு சொல்தான் எழுதும்படி செய்திருந்தேன். அதனால் பார்த்தும் தெரியவில்லை. அன்று காலை வரிசையில் ஆகப் பழைய ஆர்டர் இந்த ஆயர் ஈத்தாம் ஆர்டர். ஒன்பது மணிக்குப் பிரேக்கர் உண்மையாகவே திறந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் வொர்க்கர் இதையே எடுத்து அனுப்பி, தப்பு என்று பதில் வாங்கி, ஐயோ இன்னும் எழவில்லை என்று நினைத்து, எதையும் தொலைக்கக் கூடாது என்ற என் கட்டளைப்படி வரிசையின் தலையிலேயே திரும்ப வைத்துவிட்டு ஓய்வெடுத்திருக்கிறது. அதன் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட ஆர்டர்கள் நின்றன. அவற்றில் எந்தக் குற்றமும் இல்லை.

பதறிப்போய் முதலில் அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டேன். ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலை ஓரம் மண்பாண்டக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி கேட்டிருந்தார்.

“அம்மா, போஸ்ட்கோட்ல லூப்பான்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா, மறந்துபோச்சு. அதான் அப்படிப் போட்டேன். தெரியாததத் தெரியும்னு எழுதக் கூடாதில்ல. எதிர்ல பெரிய பானை ஒண்ணு இருக்கும், அதையும் எழுதியிருந்தேனே. லோரிக்காரங்களுக்கு அது போதும்.”

“லோரிக்காரங்களுக்குப் போதும்மா, கம்ப்யூட்டருக்குப் போதாது. கரண்ட் பில்லப் பாத்துக் கொஞ்சம் சொல்றீங்களா?”

“இரும்மா, ஆள் வந்திருக்காங்க.”

கைபேசியை மேசையில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. ஒரு பூந்தொட்டிக்கு நடந்த பேரம் முழுவதும் எனக்குக் கேட்டது. வாங்க வந்தவர் அடியில் ஓட்டை இல்லாதது வேண்டும் என்றார். அம்மா, ஓட்டை இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும் என்றார். அந்த வாதம் சுலபத்தில் முடிகிற மாதிரி இல்லை. காக் என் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, “இன்னும் ரேஹாட்டா?” என்று கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. இந்த ஓர் ஆர்டருக்காக நான் ஏன் மற்றவர்களைக் காக்க வைக்கிறேன்? இதை வரிசையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தால் போதுமே. கைபேசியைத் தோளில் இடுக்கியபடி அதை ஒதுக்கினேன். அடுத்த சோதனைக்கு இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. காக்கும் நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சூபா என்று வந்தது. மறு மூச்சில் ஜாலான் என்று வந்தது. கிடங்கில் லேபிள் இயந்திரம் கரகரவென்று ஓடும் சத்தம் என் மேசை வரை கேட்டது.

இன்னொரு தொலைபேசி அடித்தது. ஜொகூர் பாருக்காரர். “எல்லாத்தையும் ஒரேயடியா தொறந்து விட்டுடாதீங்க. இல்ல, மூடி விட்டுடாதீங்க. எப்படிச் சொல்றது இத? மெதுவா விடுங்க லா.” இருபதாக அனுப்புவதை ஐந்தாகக் குறைத்தேன். முதலில் ஐந்து, பிறகு பத்து, பிறகு பழையபடி.

பூந்தொட்டி விற்றுப்போன பிறகு அந்த அம்மா திரும்ப வந்து, கரண்ட் பில்லிலிருந்து ஐந்து எண்ணையும் ஒவ்வொன்றாக வாசித்தார். ஓட்டை உள்ளதையே வாங்க வைத்துவிட்டாராம்.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு வழியில்லை; காக் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப லோரிக் கம்பெனி மேல தப்பில்ல?”

“இல்ல பாஸ். என் மேலதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “காலைல அந்த முதலாளிக்குப் போன் பண்ணி, ஒழுங்கா ஒரு சர்வர் வெச்சு நடத்தத் தெரியலன்னா லோரி ஓட்டறத விட்டுட்டு மீன் விக்கப் போங்கன்னு சொல்லிட்டேனேம்மா.”

அவர் அப்போதே அந்த முதலாளிக்கு மறுபடி தொலைபேசினார். நான் அங்கேயே நிற்க வேண்டும் என்று சைகை காட்டினார். மன்னிப்புக் கேட்டார் என்று சொல்ல முடியாது. “அது வந்து, ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு போஸ்ட்கோட் பிரச்சன. ரொம்ப டெக்னிக்கல். சொன்னா உங்களுக்குப் புரியாது,” என்றார். பிறகு பேரன் பேத்தி பற்றிப் பேசினார்கள். கடைசியில், மீன் விற்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தார்.

அந்த வாரம் முழுக்க நான் பிரேக்கரையே திருத்திக்கொண்டிருந்தேன். லோரிக் கம்பெனியிடமிருந்து பதிலே வராவிட்டாலோ, உள்ளே கோளாறு என்று பதில் வந்தாலோ மட்டும் அது தோல்விக் கணக்கில் சேரும். உன் ஆர்டரில் தப்பு என்று பதில் வந்தால், அவர்கள் விழித்திருக்கிறார்கள் என்று பொருள். பிரேக்கர் அதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்ளும். தப்பான ஆர்டர் தனிக் குவியலுக்குப் போகும், அதிலிருந்து காக்குக்கு ஒரு செய்தி வரும். ஓய்வு அரை மணி நேரத்தைத் தாண்டினால், ஆள் வந்து பார் என்று எனக்கும் தனியாக ஒரு செய்தி. படிவத்தில் ஐந்து எண் இல்லாமல் இனி நகர முடியாது; இந்த ஒன்றுக்கு முதலாளியும் வாய் திறக்கவில்லை.

தனிக் குவியலைக் காக் மிகவும் விரும்பினார். வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு முகவரி கேட்பது அவருக்குப் பிடித்த வேலையாகிவிட்டது. ஒருவரிடம் கேட்க ஆரம்பித்தால் அவர்கள் வீட்டுக் கல்யாணம் வரை தெரிந்துகொண்டுதான் வைப்பார்.

இப்போது ரேஹாட் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வருகிறது. நாலைந்து நிமிடத்தில் ஜாலான் ஆகிவிடுகிறது. இதில் வருத்தப்படுகிறவர்கள் வாசலில் லேபிளுக்காக நிற்கும் லோரிக்காரர்கள் மட்டும்தான். போன வாரம் ஒருவர் செய்தியைப் பார்த்ததும் எதிர்க் கடையில் தே தாரிக் டீயும் ரொட்டி சானாய்ப் பரோட்டாவும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ரொட்டி கல்லில் இருக்கும்போதே ஜாலான் வந்துவிட்டது. அவர் நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

“தங்கச்சி, அந்த ரெண்டு நிமிஷத்தக் கொஞ்சம் கூட்டி வெக்க முடியாதா? ஒரு இருபது நிமிஷமா?”

முடியாது அண்ணே என்றேன். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார்.